டிப்ளமோ வாங்கும் பிள்ளைகளுக்கு

அன்பு மாணவர்களே, உடன் வந்திருக்கும் குடும்பத்தாரே, வணக்கம்.

உளவள ஆலோசனைப் படிப்பை முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு நிறைந்திருக்கிறது.

நாளை ஒரு அம்மா உங்கள் முன் வந்து உட்காருவார். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார், பேச மாட்டார். அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். ‘எனக்குப் புரியுது’ என்று சட்டென்று சொல்லிவிடவும் வேண்டாம். அவர் வாழ்க்கை அவருக்குத்தான் தெரியும். கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையைப் படித்தோமே: உண்மையாக இருப்பது, நிபந்தனையில்லாமல் மதிப்பது, எதிரில் இருப்பவர் நிலையிலிருந்து உணர்வது. அறிவுரை சொல்வது அதில் இல்லை.

அப்புறம், உங்கள் எல்லை. மருந்து பற்றிப் பேசுவது நம் வேலை இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால் தனியே விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். டெலி மானஸ் 14416 எண்ணையும் கொடுங்கள். ‘இது என்னால் முடியாது’ என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் நான் நம்புவேன்.

கேட்டதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சனிக்கிழமை வழிகாட்டல் கூட்டம் உங்களுக்காகத் தொடரும், கட்டணம் கிடையாது.

சரி, பெயர் கூப்பிடுகிறேன். மேடைக்கு வாருங்கள்.