அப்பாவின் படம்: காகித வெட்டு உருவப்படத்துக்கான விவரக் குறிப்பு

வணக்கம் தம்பி,

போனில் பேசியபோது பாதியை மறந்துவிட்டேன். அதனால் எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன். வெட்ட ஆரம்பிக்கும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்த போட்டோவை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். 1987-இல் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில் எடுத்தது. அப்பாவுக்கு அப்போது 32 வயது, கண்டக்டர் வேலை. வண்டிப் படிக்கட்டில் ஒரு கால், தரையில் ஒரு கால். வலது கை கம்பியைப் பிடித்திருக்கிறது, இடது கையில் டிக்கெட் கட்டு. வரும் 23-ஆம் தேதி அவருக்கு 70 முடிகிறது. அன்று காலை கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருக்க வேண்டும்.

களிமண்ணில் செய்யலாமா என்று நீங்கள் கேட்டதை யோசித்துப் பார்த்தேன். நீங்கள் காட்டிய அந்தக் களிமண் பாட்டி முகத்தில் விரல் ரேகை பதிந்திருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்த மெழுகுக் களிமண் கடைசிவரை காயாது என்று நீங்களே சொன்னீர்கள். எங்கள் கூடம் மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாதத்தில் அப்பாவின் மீசை இறங்கி வாய்க்கு வந்துவிடும். அதுவும் போக, 30 வருஷம் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தே எங்களைப் படிக்க வைத்தவர். அவர் காகிதத்திலேயே இருக்கட்டும்.

அளவு 12-க்கு 16 அங்குலம், நெட்டு வாக்கில். தலைக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு, முழங்காலோடு வெட்டிவிடுங்கள். செருப்பு வேண்டாம். ஸ்கேனில் அது தெளிவாக இல்லை, ஊகித்துச் செய்தால் வேறு யாருடைய காலாகவோ ஆகிவிடும்.

முதலில் நிறம். போட்டோவை நம்பாதீர்கள். பழைய கலர் பிரிண்ட் என்பதால் நீலப் பச்சைச் சாயம் போய், முழுப்படமும் செம்மண் அடித்த மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்து நிறம் எடுத்தால் காக்கிச் சட்டை செங்கல் நிறத்தில் வரும். அப்பாவின் தோல் நிறத்துக்கு நான் சொல்லும் அடையாளம் புளி. புளியம்பழ ஓட்டின் பழுப்பு, வெயில் படும் நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும். புளியங்கொட்டையின் கருஞ்சிவப்பு, புருவத்துக்குக் கீழே, மூக்கின் ஓரம், தாடைக்கு அடியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் கன்னத்துக்கு. மூன்றே தாள் போதும். அவரை வெளுப்பாக்க வேண்டாம். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் அவர் முகத்தைத் தடவித் தடவி ரோஸ் நிறமாக்கி வைத்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் பக்கம் வந்தால் அப்பா பேசாமல் புரட்டிவிடுவார்.

இனி அடுக்குகள். பின்னாலிருந்து முன்னால் வருகிறேன்.

அடியில் இருக்கும் பலகை, பாண்டிச்சேரி கைத்தாள் மாதிரி நார் தெரிகிற, சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை. அதில் எதுவும் வரைய வேண்டாம், காலை வெளிச்சமே அதுதான். அதற்கு முன்னால் 2 மி.மீ. தள்ளி பஸ்: இரண்டு ஜன்னல், ஒரு கதவு விளிம்பு, வெளிறிய சாம்பலில் ஒரே தாளாக. வண்டிக்கு அசல் நிறம் போட்டால் கண் அங்கேதான் போகும். இன்னும் 2 மி.மீ. முன்னால் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும், ஒரு படி கூடுதல் சாம்பலில். இந்த மூன்றுக்கும் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து 3 மி.மீ. விட்டு உடம்பு, அதாவது சட்டை. இதற்குப் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டையே எடுங்கள். அதை விடப் பொருத்தமான காக்கி கிடையாது. பளபளக்கும் பக்கம் உள்ளே போகட்டும், மங்கலான, மெல்லிய கோடு ஓடும் பக்கம் வெளியே வரட்டும். தாள் மெலிசு என்பதால் 220 ஜிஎஸ்எம் அட்டையில் ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை கையில் கசக்கி, விரித்து, சூடு குறைந்த இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துவிடுங்கள். மதியம்வரை உடுத்திய சட்டையின் சுருக்கம் அதிலேயே வந்துவிடும். ஆனால் கைப்பகுதியில் மட்டும் கத்தி போன்ற ஒரு மடிப்பு வேண்டும், கத்தியின் முதுகால் கோடு இழுத்து மடித்தால் போதும். அம்மா விடியற்காலை நான்கு மணிக்குக் கரிப்பெட்டியில் தேய்த்த மடிப்பு அது. மற்ற இடமெல்லாம் எப்படிக் கசங்கினாலும் அந்தக் கோடு மட்டும் சாயங்காலம்வரை நிற்கும். பசையில் தண்ணீர் அதிகம் கலக்காதீர்கள், பிரவுன் ஷீட் நெளிந்துவிடும்.

முகம் சட்டைக்கு 3 மி.மீ. முன்னால். கண்ணுக்கு வெள்ளை விழி வெட்டி ஒட்ட வேண்டாம். போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், வெயிலுக்கு இடுக்கிய கண், இரண்டு கீறல்தான் தெரிகிறது. மேல் தாளில் அந்தக் கீறலை மட்டும் வெட்டிவிட்டு, அடித்தாளின் புளியங்கொட்டை நிறம் உள்ளே தெரியும்படி விட்டுவிடுங்கள். இடது கண் கொஞ்சம் சிறியது, அதைச் சமப்படுத்திவிடாதீர்கள். சிரிப்பு உதட்டில் இல்லை, கன்னத்தின் மேல் மடிப்பில்தான் இருக்கிறது. அந்த வளைவு ஒரு மி.மீ. மாறினாலும் முறைக்கிற மாதிரி ஆகிவிடும். எனவே முகத்தை வெட்டியதும், மற்றதைத் தொடங்கும் முன், எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். ஜன்னலோரம் வைத்து எடுங்கள், டியூப் லைட்டில் வேண்டாம்.

முடியும் மீசையும் சேர்ந்து ஓர் அடுக்கு, 2 மி.மீ. உயரத்தில். முடி ஒரே கருந்தாள், விளிம்பு வழுவழுப்பாக இருக்கட்டும். காற்றடிக்கிற இடது பக்கத்தில் மட்டும் நான்கைந்து பல். மீசையைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் பதினொன்றாம் நம்பர் பிளேடால் வெட்டுங்கள், நுனி கூர்மையாக வரும்.

பை அதற்கும் 3 மி.மீ. முன்னால். வார் வலது தோளிலிருந்து குறுக்கே வந்து, பை இடது கக்கத்தில் இடுக்கப்பட்டிருக்கிறது. தடித்த கருப்பழுப்புக் கைத்தாள் போதும். ஒன்றே ஒன்று: பையின் வாய்ப் பகுதியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, ஸ்பூனின் முதுகால் அழுத்தி மெருகேற்றுங்கள். நாள் முழுக்கச் சில்லறைக்காகக் கை போய்ப் போய் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும். மற்ற தோல் எல்லாம் வெடிப்பு விட்டிருக்கும். விசில் கயிறு தாளில் வேண்டாம், முறுக்கிய வெள்ளை நூலே தொங்கட்டும்.

இடது கை, பையிலிருந்து 5 மி.மீ. டிக்கெட் கட்டு, கையிலிருந்து இன்னும் 5 மி.மீ. முழுப்படத்திலும் பார்ப்பவருக்கு மிக அருகில் வருவது முகம் அல்ல, இந்தக் கையும் கட்டும்தான். விரல் இடுக்குகளில் நீளவாக்கில் மடித்துச் செருகிய ரூபாய் நோட்டுகள் இருக்கின்றன. நோட்டுப் படத்தை அச்சடித்து ஒட்ட வேண்டாம். மெல்லிய தாளை இரண்டாக மடித்து, மடிப்பு நம்மைப் பார்க்கும்படி வைத்தாலே கண்டக்டர் கை வந்துவிடும். டிக்கெட்டுகள் ஐந்து நிறத்தில், படபடக்கிற அளவுக்கு மெலிசான தாளில். ஓரத்தைக் கத்தியால் வெட்டாதீர்கள், ஸ்கேல் வைத்துக் கையால் கிழியுங்கள். ரப்பர் பேண்ட் அசலாகப் போட்டால் இரண்டு வருஷத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். சிவப்புத் தாளில் ஒரு கீற்று வைத்துவிடுங்கள்.

நிழல் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. உறவுக்காரர் ஒருவர் வீட்டில் இதே மாதிரி ஒரு படம் பார்த்தேன். நிழலைச் சாம்பல் மையில் அச்சடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. இங்கே ஒரு நிழலையும் வரைய வேண்டாம், தாளே போடட்டும். போட்டோவில் வெயில் வலமிருந்து விழுகிறது, எங்கள் கூடத்தில் ஜன்னல் இடது பக்கம். அதற்காகப் படத்தைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள், சட்டைப் பித்தான் பெண்கள் சட்டை மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் நிழல் விழட்டும்.

அகன்ற ஜன்னல் வெளிச்சத்தில் இடைவெளி குறைந்த இடத்தில் நிழல் ஒடுங்கி, விளிம்பு தெளிவாக நிற்கும். இடைவெளி கூடிய இடத்தில் பரந்து மங்கலாகும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. மீசைக்கடியில் ஒரு கோடு, கைக்கடியில் சட்டைமேல் மேகம் மாதிரி ஒரு நிழல், இதுதான் நான் கேட்பது. கறுத்த தாளில் விழும் நிழல் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் சட்டையையும் பின்புலத்தையும் வெளிறலாகச் சொன்னேன். முகத்தில் மட்டும் மூன்று நிறத் தாளே அந்த வேலையைச் செய்யட்டும். ஃபோம் டேப் விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெள்ளையாகத் துருத்தக் கூடாது. மீசை, விரல் மாதிரி ஒடுங்கிய இடங்களுக்கு நடுவில் சின்னத் துண்டு போதும்.

எல்லா இடைவெளியும் சேர்த்து 25 மி.மீ. வருகிறது. தாள்களின் தடிமனையும் சேர்த்தால் 28-க்குள் நிற்கும். பிரேமின் உள் ஆழம் 35 இருந்தால் டிக்கெட் கண்ணாடியில் இடிக்காது. பளபளப்பில்லாத கண்ணாடி, பின்பக்கம் முழுக்கப் பேப்பர் டேப்பால் அடைப்பு. தூசியும் பூச்சியும் உள்ளே போகக் கூடாது. உள்ளே எல்ஈடி பட்டை வேண்டவே வேண்டாம். என் தம்பி கேட்பான், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பேசியபடி 8,500 ரூபாய். 3,000 இன்று அனுப்பிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அம்மாவிடம் ஒரு டிக்கெட் இருக்கிறது. கல்யாணமான புதிதில் முதன்முதலாக அப்பா வண்டியில் ஏறியபோது, அப்பா தன் சட்டைப் பையிலிருந்து காசெடுத்துப் பைக்குள் போட்டுவிட்டுக் கிழித்துக் கொடுத்தது. வெளிறிய ரோஸ், ஒரு மூலை இல்லை. அதைக் கட்டின் மேல் டிக்கெட்டாக வைக்க வேண்டும். ஒட்டாதீர்கள், துளை போடாதீர்கள். அடித்தாளில் இருக்கிற மூன்று மூலைக்கும் சின்னக் கீறல் கொடுத்து, பழைய ஆல்பத்தில் போட்டோ செருகுவது மாதிரி செருகிவிடலாம். மூலை இல்லாத பக்கத்தை அம்மாவின் கட்டைவிரல் நகத்தளவு மறைக்கும்படி அப்பாவின் கட்டைவிரல் வந்தால் நல்லது. அதற்காக விரலை நீட்ட வேண்டாம். மறைக்காவிட்டால் கிழிந்த மூலை தெரியட்டும்.

அந்த டிக்கெட்டைக் கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை. 18-ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணி வண்டியில் நானே கொண்டு வருகிறேன். அன்றைக்குக் கை அடுக்குவரை முடித்து வைத்திருந்தால், உட்கார்ந்து செருகிப் பார்த்துவிட்டே கிளம்புவேன்.

இப்படிக்கு,
அக்கா