ஜனவரி டைம்ஷீட்: நிற்கும் ஒப்புதல்கள், நாளைய கட் ஆஃப் வேலை

பிப்ரவரி 2, மாலை
மன்னார்குடி மில் ஆபீஸ்

தம்பி,

மொத்தம் 64 டைம்ஷீட். 47 ஒப்புதல் ஆகிவிட்டது, 17 நிற்கிறது. நாளை மாலை 5 மணிக்குக் கட் ஆஃப். 3, 4 இரண்டு நாளும் நான் தஞ்சாவூரில் ஆடிட்டர் ஆபீஸில் இருப்பேன். சம்பா நெல் வந்து குவிகிற நேரம், மேனேஜர் களத்திலேயேதான் நிற்பார். நீதான் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும்.

முதலில் பாய்லர் ஆட்கள் 6 பேர். தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருந்ததால் ஜனவரி 26 அன்றும் வேலைக்கு வந்தார்கள். மேஸ்திரி வெறும் வருகை என்று போட்டுவிட்டார். அது தேசிய விடுமுறை. அன்று வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் லீவு. எது வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வாங்கு. மேஸ்திரியே முடிவு செய்து சொன்னால் ஏற்காதே.

இதே ஆறு பேரில் மூன்று பேருக்கு 31ஆம் தேதி நைட் ஷிஃப்ட். உள்ளே வந்த பஞ்ச் 31இல், வெளியே போனது பிப்ரவரி 1இல். மெஷின் இதை ஒற்றை பஞ்ச் என்று காட்டி ஆப்சென்ட் போட்டிருக்கும். ஷிஃப்ட் எந்த நாளில் தொடங்கியதோ அந்த நாள் கணக்கில்தான் முழு நேரமும் சேரும். எக்செலில் மணி நேரம் மைனஸாக வராமல் இருக்க, B2இல் வந்த நேரம், C2இல் போன நேரம் வைத்து:

```
=MOD(C2-B2,1)*24
```

அடுத்தது சார்டெக்ஸ், பேக்கிங் பெண்கள் 9 பேர். 12ஆம் தேதி காலை கரண்ட் இல்லை, பஞ்ச் ஒன்றும் விழவில்லை. சூப்பர்வைசர் நோட்டில் ஒன்பது பெயரும் இருக்கிறது. வாட்ச்மேனின் கேட் ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்து, சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கி மேனேஜரிடம் கொண்டு போ. ஒரு நாள்தானே என்று விட்டுவிடாதே. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்க, பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். விட்டு விட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கு அந்த ஒரு நாளே குறையாகிவிடும்.

டிரைவர்கள் 2 பேர். நீடாமங்கலம் குட்ஸ் ஷெட்டில் வேகனுக்குக் காத்திருந்த நேரத்தை ஓ.டி.யாக எழுதியிருக்கிறார்கள்: ஒருவருக்கு 14 மணி நேரம், இன்னொருவருக்கு 11. அதிகம் என்று மேனேஜர் நிறுத்தி வைத்திருக்கிறார். நம் எடைமேடைச் சீட்டில் லோடோடு கிளம்பிய நேரமும் காலி வண்டி திரும்பிய நேரமும் இருக்கும். அதை வைத்துப் பேசு. லாரியோடு நிற்பதும் வேலைதான் என்பது என் கருத்து, முடிவு அவருடையது.

லோடுமேன்கள் மூட்டைக் கணக்கு, இதில் சேராது. அதைத் தொடாதே.

நாளைக் காலை 9 மணிக்குப் பட்டியலைப் புதிதாக எடு. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதே. பிரிண்ட் எடுத்துக்கொண்டு பாய்லர், பேக்கிங், ஷெட் என்று நடந்தே போ. 12 மணிக்குள் மேஸ்திரி, சூப்பர்வைசர் கையெழுத்து முடிந்துவிட வேண்டும். 3 மணிக்கு மேனேஜரைப் பிடி. சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் ஆபீஸில் உட்காருவார், அப்போது விட்டால் அப்புறம் இரவுதான். 5 மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடு.

என்ன அவசரம் என்றாலும் மேனேஜர் பாஸ்வேர்டில் நீ ஒப்புதல் போடக்கூடாது. அவரே போடச் சொன்னாலும் கூடாது. நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், மாட்டிக்கொள்வது நீ.

5 மணிக்குப் பிறகும் ஒப்புதல் வராத ஷீட் இருந்தால் அந்த ஆளின் சம்பளத்தையே நிறுத்தாதே. தகராறு இல்லாத நாட்கள் முதன்மைப் பட்டியலிலேயே போகட்டும். சந்தேகமான மணி நேரம் மட்டும் சப்ளிமெண்டரிக்கு. டிரைவர்களுக்கு என்றால் ஓ.டி. மட்டும் நிற்கும், மாதச் சம்பளம் நிற்காது.

4ஆம் தேதி காலை டிசம்பர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார். நாள் திடீரென்று குறைந்தவர், ஓ.டி. திடீரென்று ஏறியவர் இருந்தால் காரணத்தைப் பக்கத்தில் எழுது. மதியம் முதலாளி கையெழுத்து. 5ஆம் தேதி காலை நான் வந்து பேங்க்குக்கு அனுப்பிவிடுவேன். சப்ளிமெண்டரி 6ஆம் தேதி. சட்டப்படி 7ஆம் தேதிக்குள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும், அதனால் 6 தாண்டக் கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட 15 வரை நேரம் இருக்கிறது, அது என் வேலை.

சப்ளிமெண்டரியில் யார் பெயர் வந்தாலும், எவ்வளவு நிற்கிறது, எப்போது வரும் என்று நாளை இரவுக்குள் நீயே நேரில் சொல்லிவிடு. நைட் ஷிஃப்ட் ஆட்கள் 10 மணிக்கு உள்ளே வருவார்கள், கேட்டிலேயே பார்த்துவிடலாம். கேட் ரிஜிஸ்டர் சாவி என் மேஜையின் இரண்டாவது டிராயரில்.

அக்கா
அக்கவுண்ட்ஸ்