ஏபிஐ சேவை முடக்கம்: இரண்டாம் அறிவிப்பு (செவ்வாய்க்கிழமை, காலை 10.40, மலேசிய நேரம்)

இன்று காலை 9.12 முதல் எங்கள் எடைச் சீட்டு ஏபிஐ இயங்கவில்லை. முடக்கத்தின் காரணம் தெரிந்துவிட்டது. தரவுத்தளத்தை மீட்கும் பணி நடந்துகொண்டிருக்கிறது. சேவை இன்னும் திரும்பவில்லை. அடுத்த அறிவிப்பு காலை 11.15க்கு வெளிவரும்.

சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களில் எங்கள் ஏபிஐயுடன் இணைந்துள்ள எல்லாச் செம்பனைக் குலை சேகரிப்பு மையங்களும் இதனால் பாதிக்கப்பட்டுள்ளன. புதிய எடையைப் பதிவதற்கான `POST /v1/weighments`, பழைய சீட்டுகளைப் பார்ப்பதற்கான `GET /v1/tickets` ஆகிய இரண்டும் கீழ்க்காணும் பதிலையே தருகின்றன:

```
HTTP/1.1 503 Service Unavailable
Retry-After: 300
```

ஆலைகளுக்குத் தானாகச் செல்லும் வெப்ஹுக் தகவல்களும் நின்றுள்ளன. சிறுதோட்டக்காரர்களுக்கான பணப் பட்டுவாடாக் கோப்பு மாலை 4 மணிக்குத்தான் வங்கிக்குப் போகும் என்பதால் அதற்கு இதுவரை பாதிப்பில்லை. அது தாமதமாகும் நிலை வந்தால், பிற்பகல் 2 மணிக்குள் இதே பக்கத்தில் சொல்லிவிடுவோம்.

லோரிகளை நிறுத்தி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடி, தரம் குறையும்; எங்கள் கோளாறுக்காகத் தோட்டக்காரர் விலை இழக்கக் கூடாது. எடைப்பாலத்தின் திரையில் தெரியும் எடை எங்கள் சேவையைச் சார்ந்ததன்று, ஆகவே அது சரியானதே. லிந்தாங் சாலையிலுள்ள ஒரு மையத்தில் கிராணி இன்று காலை முதல் கார்பன் தாள் வைத்த சீட்டுப் புத்தகத்தில் லோரி எண், மொத்த எடை, வெற்று லோரி எடை, பழத்தின் தரம், நேரம் ஆகிய ஐந்தையும் எழுதி, ஒரு படியை ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறார். மற்ற மையங்களும் இவ்வாறே செய்தால், சேவை திரும்பியதும் அவற்றை முறையாகப் பதிந்துகொள்ளலாம்.

காரணம் இதுதான். எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலிருந்து அறிக்கைகளுக்காகத் தனியே ஒரு நகல் சர்வர் இயங்கிவந்தது. சென்ற வியாழக்கிழமை அதை நிறுத்தினோம். ஆனால் அதற்காக முதன்மைச் சர்வரில் ஒதுக்கியிருந்த ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்கவில்லை. நகல் சர்வர் மீண்டும் வந்து கேட்கும் என்று கருதி, தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றப் பதிவையும் அழிக்காமல் `pg_wal` கோப்பகத்தில் சேர்த்துக்கொண்டே போனது. ஐந்து நாள்களில் வட்டு நிரம்பியது. எழுத இடமில்லாததால் இன்று காலை தரவுத்தளம் தானாகவே நின்றுவிட்டது. இந்தச் சேமிப்புக்கு உச்ச வரம்பு விதிக்கும் `max_slot_wal_keep_size` என்ற அமைப்பு உண்டு. அதை நாங்கள் இயல்பு நிலையிலேயே, அதாவது வரம்பின்றி, விட்டிருந்தோம். வட்டு 80 விழுக்காடு நிரம்பியபோது வந்த எச்சரிக்கை, இப்போது யாரும் திறந்து பார்க்காத ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கிறது. இவை அனைத்தும் எங்கள் தவறுகள்.

காலை 9.30க்கு வெளியிட்ட முதல் அறிவிப்பில் இணைய இணைப்புக் கோளாறு என்று சொல்லியிருந்தோம். அது பிழை, சரிபார்க்காமல் எழுதிவிட்டோம். அதை நம்பித் தங்கள் ரௌட்டரை மாற்றிப் பார்த்த வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

வட்டின் அளவை 200 ஜிபியிலிருந்து 400 ஜிபியாக உயர்த்தி, 10.25க்குத் தரவுத்தளத்தை மீண்டும் தொடக்கினோம். அது இப்போது மாற்றப் பதிவுகளைப் படித்துத் தன்னைச் சீர்செய்துகொண்டிருக்கிறது. இடம் உண்டாக்குவதற்காக அப்பதிவுகளைக் கையால் அழித்தால் தரவு சிதைந்துவிடும் என்பதால், நேரம் பிடித்தாலும் அவ்வழியில் நாங்கள் போகவில்லை. சீரமைப்பு முடிந்த பின் கைவிடப்பட்ட ஸ்லாட்டை நீக்கிவிட்டு, நேற்றிரவு வரையிலான சீட்டு எண்ணிக்கையை ஆலைகளுக்கு ஏற்கெனவே அனுப்பிய தினசரிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏபிஐயைத் திறப்போம். எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல இயலாத நிலையில், தோராயமாக ஒரு நேரத்தைச் சொல்லி உங்களைக் காக்க வைக்க விரும்பவில்லை.

எங்கள் ஏபிஐயை இணைத்து மென்பொருள் எழுதியிருப்போர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். காலை 9.12க்கும் 9.16க்கும் இடையில் அனுப்பிய எடைகளில் சில, உங்களுக்குப் பதில் வராதபோதும் பதிவாகியிருக்கக்கூடும். அவற்றை மறுபடி அனுப்பும்போது, முதலில் பயன்படுத்திய அதே `Idempotency-Key` மதிப்பையே அனுப்புங்கள். புதிய மதிப்பு கொடுத்தால் ஒரே லோரிக்கு இரண்டு சீட்டுகள் விழும். கையால் எழுதிய சீட்டுகளுக்குப் புதிய மதிப்பு கொடுக்கலாம், ஆனால் `weighed_at` புலத்தில் தட்டச்சு செய்யும் நேரத்தையன்றி, சீட்டில் எழுதிய நேரத்தையே இட வேண்டும்.

அவசரத் தேவைக்கு உங்கள் மையத்துக்கென உள்ள புலனக் குழுவில் எழுதுங்கள். சுங்கை சிப்புட் அலுவலகத்தில் இருவர் அதற்காகவே அமர்ந்திருக்கிறார்கள். மீட்புப் பணி அதுவரை முடியாவிட்டாலும், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும், அடுத்த அறிவிப்பு காலை 11.15க்கு இங்கு இருக்கும்.