குழாய் வெல்டர் (6ஜி) பணிக்கான விண்ணப்பம்: தோஹா குளிர்நீர்க் குழாய்த் திட்டம்

அனுப்புநர்:
மு. சரவணன்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் அலுவலகம்,
ஈப்போ.

10 மார்ச் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தோஹா கட்டுமானத் திட்டத்துக்குக் குழாய் வெல்டர்கள் தேவை என்று தங்கள் அலுவலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். வயது 33. இந்தத் தொழிலில் பதினோரு ஆண்டுகள்.

வெல்டிங்கில் எஸ்கேஎம் இரண்டாம் நிலையை 2013இலும் மூன்றாம் நிலையை 2014இலும் முடித்தேன். சிஐடிபி பச்சை அட்டை 2026 செப்டம்பர் வரை செல்லும். தொட்டி, பாய்லர் டிரம் போன்ற அடைபட்ட இடங்களில் இறங்குவதற்கான நியோஷ் அட்டை 2026 நவம்பர் வரை.

தங்களுக்கு முக்கியமானது வெல்டர் தகுதிச் சோதனைதான். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "6ஜி பாஸ்" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே தவறான இணைப்பில் நிறுத்திவிடுவார்கள். ஏஎஸ்எம்இ ஒன்பதாம் பிரிவின்படி இரண்டு சோதனைகள் தேறியிருக்கிறேன். முதலாவது, 2 அங்குல ஷெட்யூல் 80 கார்பன் எஃகுக் குழாய், முழுக்க டிக். சுவர்த் தடிமன் 5.54 மி.மீ. என்பதால் 11 மி.மீ. வரை செய்யலாம், வெளிவிட்டம் 25 மி.மீ. முதல் மேலே எல்லா அளவும் அடங்கும். இரண்டாவது, 6 அங்குல ஷெட்யூல் 160. வேர் ஓட்டமும் அடுத்த ஓட்டமும் இஆர்70எஸ்-6 கம்பியில் டிக், ஏறத்தாழ 4 மி.மீ.; மீதி 14 மி.மீ. இ7018 குச்சியில் ஆர்க், மூன்று அடுக்குகளுக்கு மேல். இதனால் ஆர்க் பகுதிக்குத் தடிமன் வரம்பில்லை, டிக் பகுதிக்கு 8 மி.மீ. வரம்பு. விட்டம் 73 மி.மீ.க்கு மேல்.

ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் பயன்படுத்தாமல் விட்டால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகும். டிக், ஆர்க் இரண்டுக்கும் தனித்தனியாக மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட தொடர்ச்சிப் பதிவேடு 2025 பிப்ரவரி வரை இணைத்துள்ளேன்.

துருப்பிடிக்கா எஃகைப் பற்றி ஒன்று. விதிப்படி என் டிக் சோதனை அதையும் தழுவும். ஆனால் குழாயின் உட்புறம் ஆர்கான் நிரப்பி வேர் ஓட்டம் போட்ட பழக்கம் எனக்குக் குறைவு. உள்ளே காற்று மிஞ்சினால் வேர் கருகிச் சொரசொரப்பாகிவிடும். அந்த வேலைக்கு அனுப்புவதானால் முதலில் சில துண்டுக் குழாய்களில் பழக வாய்ப்பு வேண்டும்.

2014 முதல் 2016 வரை இங்குள்ள செம்பனை எண்ணெய் ஆலைகளில் ஷட்டவுன் காலத்து நீராவிக் குழாய், பாய்லர் ட்யூப் மாற்றும் வேலை. 2016 முதல் 2019 வரை பெங்கெராங் சுத்திகரிப்பு வளாகத்தில் துணை ஒப்பந்தக்காரரிடம் 2 முதல் 16 அங்குலம் வரையான குழாய்கள். பிறகு இன்றுவரை மீண்டும் ஆலைப் பணி. 2024இல் எக்ஸ்ரே எடுத்த என் இணைப்புகள் 212. மறுவேலை கண்டவை 5. மூன்றில் காற்றுத்துளை: கூரையில்லாத இடத்தில் காற்று ஆர்கானை அடித்துச் சென்றது. இப்போது தார்ப்பாய் கட்டாமல் டார்ச் தொடுவதில்லை. இரண்டில் ஆறு மணி நிலையில் வேர் உள்வாங்கியிருந்தது: இடைவெளி 4 மி.மீ.க்கு விரிந்திருந்தும் ஆம்பியர் குறைக்காமல் போட்டது காரணம். இப்போது 3 மி.மீ.க்குக் கூடினால் பொருத்துநரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

இ7018 குச்சியைச் சூடான பெட்டியில் இருந்துதான் எடுப்பேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைத் திருப்பி உலையில் வைக்காமல் பயன்படுத்த மாட்டேன். ஈரம் ஏறிய குச்சியால் வரும் ஹைட்ரஜன் விரிசல் மறுநாள்தான் தெரியும். அதனால் அங்கே சூட்டுப் பெட்டியும், ஒவ்வொரு வெல்டருக்கும் குச்சியைச் சூடாக வைக்கும் கைப்பெட்டியும் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை செய்யத் தடை உண்டு. இரவு ஷிஃப்ட்டுக்கு நான் தயார்.

சான்றிதழ்களின் நகல்களை மட்டும் இணைத்துள்ளேன். மூலப் பத்திரங்களை நேர்காணலுக்குக் கொண்டு வருகிறேன்; விஸ்மா புத்ராவிலும் கத்தார் தூதரகத்திலும் முத்திரை பெற வேண்டுமானால் நானே புத்ராஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்று வருவேன். கடவுச்சீட்டு என்னிடமே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் கணக்கு, தங்குமிடம், சோதனைச் செலவு யாருடையது என்பவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் மூன்று நாள் வாசிக்கத் தாருங்கள்.

நேரடிச் சோதனைக்கு எந்தச் சனிக்கிழமையும் ஈப்போ வர முடியும். ஹெல்மெட், கிரைண்டர், டார்ச் என்னுடையவை உண்டு. ஒரு மாத முன்னறிவிப்புக்குப் பிறகு பயணத்துக்குத் தயாராவேன். தொலைபேசி எண் இணைத்துள்ள படிவத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. சரவணன்

இணைப்பு: எஸ்கேஎம் சான்றிதழ்கள் 2, வெல்டர் தகுதிச் சான்றுகள் 2, தொடர்ச்சிப் பதிவேடு, எக்ஸ்ரே அறிக்கைத் தொகுப்பு, சிஐடிபி, நியோஷ் அட்டை நகல்கள், விண்ணப்பப் படிவம்.