சின்னப் பிள்ளைகளின் ஸ்நாக்ஸ் டப்பா: பெற்றோருக்கு ஒரு குறிப்பு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலை பத்தரை மணிக்கு நம் வகுப்பில் ஸ்நாக்ஸ் நேரம். மொத்தமே கால் மணி நேரம்தான். அது முடிந்ததும் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தால் தினமும் ஏறக்குறைய இதுதான் கிடக்கிறது: பிஸ்கட் உறைகள், ஜூஸ் டப்பாவும் ஸ்ட்ராவும், உருட்டி எறிந்த அலுமினியத் தாள், ஒரே ஒரு கடி கடித்த ஆப்பிள் துண்டுகள். உறைகளைவிட அந்த ஆப்பிள்தான் எனக்கு உறுத்துகிறது. காலை அவசரத்தில் யாரோ மெனக்கெட்டு நறுக்கி அனுப்பியது அது.

அதனால் முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது அதன் கைப்பிடி அளவில் ஒன்றிரண்டு பிடி. மதியச் சாப்பாடு சீக்கிரமே வந்துவிடும். டப்பா நிறைய இருந்தால் பிள்ளை அதிகம் சாப்பிடுவதில்லை, அதிகம் மிச்சம் வைக்கிறது. அவ்வளவுதான். கொஞ்சமாக அனுப்புங்கள். காலியாகத் திரும்பி வந்தால் மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது டப்பா. நான்கு பக்கமும் கிளிப் மாட்டும் புது டப்பாக்கள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் அதைத் திறப்பதற்குள் பாதி இடைவேளை ஓடிவிடுகிறது. முகம் சிவக்க இழுத்து, கடைசியில் மூடி பட்டென்று திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டுவதை அடிக்கடி பார்க்கிறோம். வாங்கும் முன் பிள்ளையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சாதாரண மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா எந்நாளும் நல்லது. வீட்டில் ஏற்கெனவே இருப்பதே போதும், இதற்கென்று புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். உள்ளே பிரித்து வைக்க இன்னொரு குட்டிக் கிண்ணம், கை துடைக்க டிஷ்யூவுக்குப் பதில் ஒரு துணித் துண்டு. டப்பாவின் அடியிலும் மூடியிலும் பெயர் எழுதிவிடுங்கள். மூடிகள்தான் அதிகம் தொலைகின்றன.

சரி, உள்ளே என்ன வைப்பது? இயற்கையே உறை போட்டுத் தந்தவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். வாழைப்பழத்தைத் தோலோடு அனுப்புங்கள், ஆனால் காம்புக்குக் கீழே கத்தியால் லேசாக ஒரு கீறல் போட்டுவிடுங்கள். அந்த ஒரு கீறல் இருந்தால் பிள்ளை தானே உரித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பழம் நசுங்கிய பிறகுதான் எங்களிடம் வரும். ஆரஞ்சுக்கும் அப்படித்தான், தோலை மட்டும் சுற்றிக் கீறிவிட்டால் போதும். இரண்டுக்கும் காலையில் அரை நிமிடம்கூட ஆகாது.

ஆப்பிளை நறுக்கினால் பழுப்பாகிவிடுகிறது என்று பலர் சொல்கிறீர்கள். நறுக்கிய இடத்தில் காற்று படுவதால் வரும் நிறம் அது. கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, ஆனால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். மெல்லிய துண்டுகளாக நறுக்கி, லேசாக உப்புப் போட்ட தண்ணீரில் சில நிமிடம் வைத்து அலசி எடுங்கள், அல்லது நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு தடவுங்கள். இடைவேளைவரை தாங்கும். வெள்ளரிக்காயை நீளவாக்கில் நறுக்கி உப்புப் போடாமல் அனுப்புங்கள். உப்புப் பட்டால் பத்தரைக்குள் டப்பாவில் தண்ணீர் நின்றுவிடும். கேரட் பச்சையாகக் கடிக்கக் கடினம், துருவியோ அரை வேக்காட்டிலோ தரலாம்.

பசி தாங்கும்படி ஏதாவது வேண்டும் என்றால் அவித்த முட்டை, சீஸ் துண்டு, வேகவைத்த கொண்டைக்கடலை, பிசைந்த வாழைப்பழம் தடவிய பிரட், கொட்டை எடுத்து நறுக்கிய பேரீச்சை. கடலையை ஒவ்வொன்றாக விரலால் லேசாக நசுக்கிவிடுங்கள், உருண்டையாக அப்படியே வேண்டாம். முட்டை, சீஸ், தயிர், வேகவைத்தவை ஆகியவற்றில் ஒரு கவனம் தேவை. இவை குளிர்ச்சி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் டப்பா பத்தரைக்குத்தான் திறக்கிறது. ஆகவே வெப்பம் புகாத பையில், முந்தின இரவே உறைய வைத்த சின்னத் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து அனுப்ப முடிந்தால் மட்டும் இவற்றைத் தேர்ந்தெடுங்கள். முடியாத நாளில் பழமும் பிரட்டும் போதும்.

காலை நேரத்தை மிச்சப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி, யோசிக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து ஸ்நாக்ஸை முடிவு செய்து, வாராவாரம் அதையே சுற்றி வரவிடுங்கள். அலுத்துப்போகும் என்று பெரியவர்கள்தான் நினைக்கிறோம், இந்த வயதுப் பிள்ளைகள் தெரிந்த சாப்பாட்டைத்தான் விரும்புகிறார்கள். இரவு பாத்திரம் கழுவும்போதே டப்பாவைத் துடைத்து, மறுநாளுக்கான பழத்தை அதன் பக்கத்தில் எடுத்து வையுங்கள். கொண்டைக்கடலையை வாரக் கடைசியில் மொத்தமாக வேகவைத்து, சின்னப் பங்குகளாக ஃப்ரீசரில் வைத்தால் முதல் நாள் இரவு ஒரு பங்கை ஃப்ரிட்ஜுக்கு மாற்றினாலே போதும்.

பாக்கெட்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். இரவு சரியாகத் தூங்காத வீட்டில் காலையில் பிஸ்கட்தான் கை கொடுக்கும். பெரிய பாக்கெட்டாக வாங்கி, மூன்று நான்கை டப்பாவில் போட்டு அனுப்புங்கள். குட்டிப் பாக்கெட்டுகளின் உள்பக்கம் பளபளப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிய மெல்லிய அலுமினியப் படலம். இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால் அது மறுசுழற்சிக்குப் போவது அரிது. ஜூஸ் டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் பாட்டில் இருக்கிறதே.

இனி இரண்டு விஷயங்கள், இவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது. நம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறது. வேர்க்கடலையோ, அதில் செய்த மிட்டாயோ, வெண்ணெயோ எந்த வடிவிலும் அனுப்பாதீர்கள். பிரட்டில் தடவும் கத்தியும் அதில் பட்டதாக இருக்கக் கூடாது. பாதாம், முந்திரி போன்றவற்றையும் ஐந்து வயதுக்குள் முழுசாகத் தரக் கூடாது, தொண்டையில் சிக்கும். திராட்சையை முழுசாக அனுப்பாமல் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், குறுக்காக வெட்டினால் போதாது. பாப்கார்னும் வேண்டாம்.

வரும் திங்கள் முதல் மிச்சத்தைக் குப்பைக்கூடையில் போடாமல் டப்பாவிலேயே வைத்துத் திருப்பி அனுப்புவோம். வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல்கூட வீட்டுக்கு வரும். கொஞ்சம் அருவருப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எதைத் தின்றது, எதை ஒதுக்கியது என்று உங்களுக்கே தெரியும். அது தெரியாமல் அளவைச் சரிசெய்ய முடியாது. திரும்பி வந்த மிச்சத்தை மாலையில் யாருக்கும் கொடுக்காமல் செடிக்கு உரமாகப் போட்டுவிடுங்கள். காலி டப்பாவாக இருந்தாலும் அன்றே கழுவிவிடுங்கள், மறந்து பையில் கிடந்தால் மறுநாள் காலை மூடியைத் திறக்க முடியாது.

வேறு ஒவ்வாமை ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் நாட்குறிப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
வகுப்பாசிரியை