புதன்கிழமைதான், ஆனால் ஆடி அமாவாசை

வணக்கம். உங்கள் பயணத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். ஆகஸ்ட் 11 அதிகாலை கோவையிலிருந்து காரில் கிளம்பி மதுரை, அழகர்கோவில், இரவு இராமேசுவரம். 12ஆம் தேதி தனுஷ்கோடியில் சூரிய உதயம், 22 தீர்த்தம், தரிசனம், மதியம் புறப்பட்டுத் திருச்செந்தூர், இரவு கன்னியாகுமரி. 13ஆம் தேதி விவேகானந்தர் பாறை, பத்மநாபபுரம் அரண்மனை, இரவுக்குள் வீடு. "வார நாள் என்பதால் கூட்டம் இருக்காது என்று புதன்கிழமையாகப் பார்த்து வைத்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியை எடுத்துப் புரட்டினேன். 12ஆம் தேதி ஆடி அமாவாசை.

எங்கள் இராமேசுவரத்தில் கூட்டத்தைக் கிழமை தீர்மானிப்பதில்லை, திதிதான் தீர்மானிக்கிறது. ஆடி, புரட்டாசி, தை ஆகிய மூன்று அமாவாசைகளிலும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். முந்தைய நாள் மாலையிலேயே ஊர் நிரம்பிவிடும். அறை கிடைக்காதவர்கள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அக்னி தீர்த்தக் கரைக்குப் போனால் மணல் தெரியாது, தலைகள்தான் தெரியும். தீர்த்தமாடுவதற்கான வரிசை நான்கு ஐந்து மணி நேரம் போகும். காரைக் கோயில் பக்கமே விடமாட்டார்கள். தொலைவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு இருக்கும் உங்கள் அம்மாவை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். தர்ப்பணம் கொடுக்கத்தான் வருகிறீர்கள் என்றால் வேறு வழியில்லை, வந்துதான் ஆக வேண்டும். ஆனால் நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

14, 15 என்று தள்ளிப்போட்டாலும் சரிவராது. 15 சுதந்திர தினம் சனிக்கிழமையில் வருகிறது, மறுநாள் ஞாயிறு. ஆகவே ஆகஸ்ட் 18 செவ்வாய்க்கிழமைக்கு மாற்றுங்கள். பிள்ளைகளுக்கு எப்படியும் மூன்று நாள் விடுப்பு எடுக்கத்தான் போகிறீர்கள். அது எந்த வாரமாக இருந்தால் என்ன?

இனி நேரக் கணக்கு. நீங்கள் கிலோமீட்டரை மட்டும் கூட்டியிருக்கிறீர்கள், நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. மீனாட்சியம்மன் கோயில் பகல் 12.30 மணிக்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இராமநாதசுவாமி கோயில் பகல் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத் திறக்கிறது. அழகர்கோவிலிலும் உச்சிப்பொழுதில் நடை திறந்திருக்காது. நீங்கள் போட்ட கணக்கில் இரண்டு இடங்களில் மூடிய கதவுக்கு முன்னால் போய் நிற்கிறீர்கள்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். திண்டுக்கல்லில் சிற்றுண்டி. மதுரைக்குள் நுழையும்போது ஒன்பதரை, பத்து ஆகிவிடும். நேராக மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விடுங்கள். கைபேசிக்கு அனுமதி இல்லை. ஓட்டுபவர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் கைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டால் ஒப்படைக்கும் வரிசையில் அரை மணி நேரம் மிச்சமாகும். இரண்டு மணி நேரத்தில் அம்மனையும் சொக்கரையும் பார்த்துவிட்டுப் பொற்றாமரைக் குளத்துப் படியில் சற்று உட்கார்ந்து எழலாம். அழகர்கோவிலை விட்டுவிடுங்கள். அது வடக்கே இருபது கிலோமீட்டர், நீங்கள் போக வேண்டியதோ தென்கிழக்கே. சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குள் மதுரையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

மதுரையிலிருந்து இங்கே சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை, பறந்து வருவீர்கள். அதற்குப் பிறகு அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். இருட்டிவிட்டால் இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவே திடீரென்று ஆடுகள். மொத்தம் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால் ஐந்து மணிக்குப் பாம்பன்.

பாம்பனில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சாலைப் பாலத்தின் உச்சியில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் படம் எடுப்பார்கள். விடுமுறை நாட்களில் நான்கு கார்கள் இப்படி நின்றாலே போதும், இரண்டு கரையிலும் வண்டிகள் தேங்கிவிடும். ஆம்புலன்ஸ்கூட நகர முடியாது. காரைப் பாலத்துக்கு முன்னாலோ தாண்டியோ ஓரமாக விட்டுவிட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். 1914ஆம் ஆண்டின் பழைய பாலத்தில் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சாய்ந்து எழும்பியது. புதியதில் அந்தப் பகுதி அப்படியே மின்தூக்கி போல் மேலே போகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

ஆறு மணிக்கு அறை. அன்றைக்கே, ஏழு மணி வாக்கில், அம்மாவைத் தரிசனத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். என் யோசனையில் முக்கியமானது இதுதான். வெளியூர்க்காரர்கள் தீர்த்தமும் தரிசனமும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று நினைத்து வயதானவர்களை வாட்டி எடுக்கிறார்கள். 22 தீர்த்தம் என்றால் ஒரே இடத்தில் இல்லை. கோயிலுக்குள் பல இடங்களில் இருக்கும் கிணறுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒருவர் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். அடுத்ததற்கு ஈரத்துணியோடு ஓட வேண்டும். கருங்கல் தரை முழுக்கத் தண்ணீர். சோப்புப் போட்டது போல் வழுக்கும். போன ஆண்டு என் சொந்த அத்தையே அங்கே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார், அவருக்கு அறுபதுதான். உங்கள் அம்மா மாலையில் உலர்ந்த புடவையோடு சுவாமியையும் அம்பாளையும் பார்க்கட்டும். ஆள் குறைந்த மூன்றாம் பிரகாரத்தில், விளக்கொளியில் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போவதை நின்று பார்க்கட்டும். காலையில் இந்த அமைதி கிடைக்காது.

மறுநாள் மற்றவர்கள் நான்கரைக்கு எழுந்துவிடுங்கள். ஸ்படிக லிங்க தரிசனம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஈரத்துணியோடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு கடலுக்குப் போவதுதான் உள்ளூர்க்காரர்கள் பலர் செய்வது. ஆறு மணிக்கு அக்னி தீர்த்தக் கரையில் நின்றால் சூரியன் எதிரே கடலில் எழும். நீங்கள் தனுஷ்கோடியில் பார்க்க நினைத்த உதயத்தை இங்கேயே பார்த்துவிடலாம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது. இருட்டில் யாரையும் விடுவதில்லை. அதற்காக நாலு மணிக்குப் பிள்ளைகளை எழுப்புவது வீண்.

கடலில் முழுகிவிட்டு, கோயில் சீட்டு வாங்கும் இடத்தில் தீர்த்தச் சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். "வரிசையே வேண்டாம், நான் முடித்துத் தருகிறேன்" என்று வாசலிலேயே கூட ஒட்டிக்கொள்பவர்களுக்குத் தலையசைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். சாதாரண வார நாளில், ஏழு மணிக்கு முன் தொடங்கினால், ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் இரண்டரை ஆகும். மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். துணிப்பை என்றால் முதல் ஐந்து கிணற்றிலேயே உள்ளே இருப்பதும் நனைந்துவிடும்.

பகலில் எங்கும் சுற்றாதீர்கள். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தை முற்பகலில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்குங்கள். மூன்றரைக்குத் தனுஷ்கோடி. போகும் வழியில் கோதண்டராமர் கோயில், சாலையிலிருந்து பிரிந்து போனால் இரண்டு பக்கமும் தண்ணீர். பிறகு 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் மிச்சங்கள்: கூரையற்ற தேவாலயம், ரயில் நிலையத்துச் சுவர்கள். இங்கே அரை மணி நேரமாவது இறங்கி நடங்கள். பெரும்பாலானவர்கள் காரிலிருந்தே கையைக் காட்டிவிட்டு முனைக்குப் பறக்கிறார்கள். ஐந்தரைக்குள் முனையை விட்டுத் திரும்பிவிட வேண்டும், போலீஸார் விசில் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகஸ்டில் இங்கே தென்காற்று. சாலையின் மேலேயே மணல் ஓடிக்கொண்டிருக்கும், பாம்பு ஊர்வது போல. வாயைத் திறந்து பேசினால் பல்லில் நெறுநெறுக்கும். குடை நிற்காது, பிள்ளைகளுக்குத் தொப்பியைவிடத் தலையில் கட்டும் துண்டுதான் பயன்படும். ஒரு பக்கம் அமைதியாக இருப்பதைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கம் அலையடிப்பதை ஆண்கடல் என்றும் சொல்வோம். இரண்டிலும் முனையில் இறங்கக் கூடாது. அமைதியாக இருக்கும் பக்கத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், நீரோட்டம் கீழே இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை நேராகக் கோவைக்குத் திரும்புங்கள். உணவுக்கு நிறுத்தியும் எட்டரை மணி நேரத்தில் போய்விடலாம். திருச்செந்தூரும் கன்னியாகுமரியும் இந்த மூன்று நாளில் அடங்காது. மதியம் இரண்டு மணிக்கு இங்கே கிளம்பினால் சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் சேர ஆறரை, ஏழு. 2025 ஜூலை குடமுழுக்குக்குப் பிறகு அங்கே வரிசை எப்போது குறையும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை; ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு கன்னியாகுமரிக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர். மறுநாள் படகு வரிசை, அரண்மனை, அப்புறம் 430 கிலோமீட்டர் ஓட்டம். ஓட்டுபவர் நீங்கள் ஒருவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தெற்கு முனையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் தனியாக மூன்று நாள் ஒதுக்குங்கள், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனை அன்று மூடியிருக்கும்.

ஆகஸ்ட் 18 ஒத்துவராவிட்டால் செப்டம்பர் வார நாட்களில் வாருங்கள். அக்டோபர் 10 மகாளய அமாவாசை, சனிக்கிழமை வேறு. அந்த வாரம் முழுவதையும் தவிருங்கள். அதற்கடுத்து வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடிச் சாலையை அடைத்துவிடுவார்கள். கார்த்திகை பிறந்தால் பொங்கல் வரை ஐயப்ப பக்தர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். காலையில் தீர்த்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் கருப்பு வேட்டிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. மே மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வெயிலும் விடுமுறையும் ஒன்றாக வரும்.

11ஆம் தேதி இரவுக்கு இங்கே அறை பதிவு செய்திருந்தால் இன்றே அழைத்து 18, 19 இரண்டு இரவுக்கு மாற்றச் சொல்லுங்கள். அமாவாசை நாள் அறைக்கு ஆள் காத்திருக்கிறார்கள், மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொடுப்பார்கள். தரைத்தள அறையாகக் கேளுங்கள். இங்கே பல விடுதிகளில் மின்தூக்கி இல்லை.