பற்சக்கரத் தொடர்: வினா விடை

வினா 1: 12 பற்களுள்ள செலுத்தும் சக்கரம் நிமிடத்துக்கு 90 முறை சுழன்றால், அதனுடன் இணைந்த 36 பற்களுள்ள சக்கரம் எத்தனை முறை சுழலும்?

விடை: பல் விகிதம் 36 ÷ 12 = 3 என்பதால் 30 முறை சுழலும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும், உராய்வைப் புறக்கணித்தால் திருப்புவிசை மும்மடங்காகும்.

வினா 2: சுழலும் திசை ஏன் மாறுகிறது?

விடை: தொடும் இடத்தில் இரு சக்கரங்களின் பற்களும் ஒரே பக்கமாக நகர்கின்றன, ஆனால் மையங்கள் அவ்விடத்தின் எதிரெதிர்ப் புறங்களில் இருப்பதால், ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் சுழல்கின்றன.

வினா 3: இடையில் 20 பற்களுள்ள இடைச்சக்கரம் ஒன்றைச் சேர்த்தால் விகிதம் மாறுமா?

விடை: மாறாது. (20 ÷ 12) × (36 ÷ 20) எனப் பெருக்கும்போது 20 அடிபட்டு 3 மட்டுமே எஞ்சுகிறது. மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுவே. திசை மட்டும் மாறி, முதல் சக்கரமும் கடைசிச் சக்கரமும் ஒரே திசையில் சுழலும். இடைச்சக்கரங்கள் இரண்டானால் முதல் சக்கரமும் கடைசிச் சக்கரமும் மீண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும்.